மூன்றாயிரம் ரூபாய்க்கு யூடியூப் விளம்பரம்: யாருக்குக் காட்டுவது என்பதை எப்படி முடிவு செய்வது?

யூடியூப் ஸ்டுடியோவில் Content பக்கத்துக்குள் Promotions என்று ஒரு பிரிவு இருக்கிறது. வீடியோவைத் தேர்ந்தெடுத்து, தலைப்பு ஒன்றும் இரண்டு வரி விளக்கமும் எழுதி, ஊரையும் மொழியையும் பட்ஜெட்டையும் கொடுத்தால் போதும், விளம்பரம் ஓடத் தொடங்கிவிடும். பத்து நிமிட வேலை. ஆனால் அங்கே கிடைக்கும் கட்டுப்பாடு மிகக் குறைவு. வீடியோவை யார் பார்க்க வேண்டும் என்பதில் அக்கறை இருந்தால், அதே வீடியோவை கூகுள் ஆட்ஸ் தளத்தில் போய்ப் போடுவதுதான் சரி. இங்கே சொல்வதெல்லாம் அந்தத் தளத்தைப் பற்றியது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மாடித்தோட்டம் பற்றிய தமிழ்ச் சேனல். ஒன்பது நிமிட வீடியோ: க்ரோ பேக்கில் மண், தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு எந்த அளவில் கலப்பது, தக்காளிச் செடியின் இலை ஏன் சுருள்கிறது. சேனல்காரர் கையில் விளம்பரத்துக்கென்று இருப்பது 3,000 ரூபாய். அவருக்கு வேண்டியது, அடுத்த வீடியோவையும் தேடி வந்து பார்க்கும் ஆட்கள்.

முதலில் பணக்கணக்கு. முன்பணம் கட்டும் முறையில் 3,000 ரூபாய் போட்டால் 3,000 ரூபாய்க்கும் விளம்பரம் ஓடாது. 18 சதவீத ஜி.எஸ்.டி. அந்தத் தொகைக்குள்ளிருந்தே கழிந்து, ஏறக்குறைய 2,542 ரூபாய்தான் கணக்கில் வரவாகும். பத்து நாள் ஓட்ட நினைத்தால் நாளுக்கு 250 ரூபாய். தினசரி பட்ஜெட் 250 என்று கொடுத்தாலும், ஆட்கள் அதிகம் கிடைக்கும் நாளில் அதன் இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கலாம். மாதக் கணக்கில்தான் அது சமன் செய்யப்படும். சரியாகப் பத்தே நாள் ஓட்டுபவர்களுக்கு இந்தச் சமன் கைகொடுக்காமல் போகலாம். அதனால் முடிவுத் தேதியோடு மொத்த பட்ஜெட் கொடுக்கும் வழியை எடுப்பது நிம்மதி.

அடுத்தது, எதற்குப் பணம் போகிறது என்பது. யூடியூப் விளம்பரம் ஓர் ஏலம். ஒருவர் வீடியோவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அவருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று அந்தக் கணத்தில் போட்டி நடக்கிறது. நீங்கள் கொடுப்பது ஒரு பார்வைக்குச் சராசரியாக இவ்வளவு தரத் தயார் என்ற தொகை. அதன் பெயர் Target CPV. வேறொரு வீடியோவுக்கு முன்னால் வந்து, ஐந்து நொடி கழித்துத் தாண்டிவிடக்கூடிய விளம்பரமாக ஓடினால், ஒருவர் 30 நொடி பார்த்தால்தான் அது பார்வை. 30 நொடிக்கும் குறைவான வீடியோ என்றால் முழுதும் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே விளம்பரத்தைத் தொட்டு உங்கள் சேனலுக்கு வந்தாலும் கணக்கில் சேரும். பன்னிரண்டாவது நொடியில் தாண்டிப் போனவருக்குக் காசு இல்லை.

இந்த விதிக்குள் பலர் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. முதல் ஐந்து நொடி, வேண்டியவரைப் பிடித்து நிறுத்துவதற்கு மட்டுமல்ல, வேண்டாதவரை இலவசமாக அனுப்பிவைப்பதற்கும்தான். லோகோ சுழலும் அறிமுகத்தோடு வீடியோ தொடங்கினால், என்ன ஏது என்று புரியாமலே எல்லோரும் தாண்டிவிடுவார்கள். அதிரும் இசையோடு ஆர்வத்தை மட்டும் கிளப்பினால், தோட்டமே இல்லாதவர்களும் அரை நிமிடம் உட்கார்ந்து பார்த்து உங்கள் காசைக் கரைப்பார்கள். மாறாக, சுருண்ட தக்காளி இலையை விரலால் பிரித்துக் காட்டி, "மாடியில வெச்ச தக்காளிச் செடி இப்படிச் சுருண்டு போச்சா?" என்று முதல் வாக்கியத்திலேயே கேட்டால், செடி வைத்தவர் நிற்பார், வைக்காதவர் ஐந்தாவது நொடியில் போய்விடுவார். ஆட்களை வடிகட்டும் முதல் சல்லடை வீடியோவுக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங் பக்கத்தில் இருப்பதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

தேடல் முடிவுகளிலும் முகப்புப் பக்கத்திலும் மற்ற வீடியோக்களோடு தம்ப்நெயிலாக வருவது இன்னொரு வகை. இதில் ஒருவர் தொட்டுத் திறந்தாலோ, தானாக ஓடுவதைப் பத்து நொடி பார்த்தாலோ பார்வை. பாதி வழியில் மறித்துக் காட்டுவதற்கும், தானாக வந்து திறப்பதற்கும் மனநிலையில் பெரிய வேறுபாடு உண்டு. ஒன்பது நிமிட விளக்க வீடியோவுக்கு இரண்டாவது வகையில் வருகிறவர்தான் நீண்ட நேரம் இருப்பார். அறிக்கையில் விளம்பர வடிவம் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

இனி ஆட்களைத் தேர்வு செய்யும் பக்கம். எது எதோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் டிக் அடிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. தேர்வுகள் இரண்டு குடும்பங்களாக இருக்கின்றன. ஒன்று, பார்ப்பவர் யார் என்பது: ஆர்வம், அண்மையில் என்ன தேடினார், உங்கள் சேனலை முன்பு பார்த்திருக்கிறாரா. மற்றொன்று, விளம்பரம் எங்கே வருகிறது என்பது: எந்தச் சேனலில், எந்த வீடியோவில், எந்தத் தலைப்பில், எந்தச் சொல் சார்ந்த வீடியோவில்.

ஒரே குடும்பத்துக்குள் சேர்க்கச் சேர்க்க வட்டம் விரியும். நான்கு சேனல்களோடு மூன்று குறிச்சொற்களையும் சேர்த்தால், இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே விளம்பரம் வரும். ஆனால் இரண்டு குடும்பத்திலிருந்தும் எடுத்து ஒரே ஆட் குரூப்பில், அதாவது விளம்பரமும் அதற்கான ஆள் தேர்வும் சேர்ந்திருக்கும் ஒரே தொகுப்பில் வைத்தால் வட்டம் சுருங்கிவிடும். மாடித்தோட்டம் பற்றித் தேடியவர் என்று ஒரு பக்கம், இந்த நான்கு சேனல்கள் என்று மறுபக்கம் கொடுத்தால், அப்படித் தேடியவராகவும் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அந்த நான்கு சேனல்களில் ஒன்றைப் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். அதோடு வயது, ஊர், மொழி ஆகிய ஒவ்வொன்றும் மேலும் ஒரு நிபந்தனை. "கணக்கில் பணம் இருக்கிறது, அனுமதியும் வந்துவிட்டது, மூன்று நாளாக ஒரு பார்வைகூட இல்லை" என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இந்த அடுக்குதான் காரணம். துல்லியமாகத் தேர்ந்தெடுப்பதாக நினைத்து ஆளே இல்லாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

ஆகவே ஓர் ஆட் குரூப்புக்கு ஒரு குடும்பம். இரண்டையும் சோதிக்க வேண்டுமென்றால், ஆட் குரூப்புகளை உள்ளே வைத்துத் தனி பட்ஜெட்டோடு ஓடும் கேம்பெய்ன்கள் இரண்டு வேண்டும். ஒரே கேம்பெய்னுக்குள் இரண்டு ஆட் குரூப் வைத்தால் பட்ஜெட் கேம்பெய்னுக்குத்தான் பொது. மலிவாகப் பார்வை கிடைக்கும் குரூப்பை நோக்கிப் பணம் போய்விடும், மற்றது சோதிக்கப்படாமலே நின்றுவிடும். நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொன்றுக்கும் 1,250 ரூபாய் என்று இரண்டு கேம்பெய்ன் போதும்.

முதல் கேம்பெய்ன், இடத்தை வைத்து. மாடித்தோட்டம், வீட்டுத்தோட்டம், இயற்கை உரம் பற்றிப் பேசும் தமிழ்ச் சேனல்களின் முகவரிகளைத் திரட்டி Placements பகுதியில் ஒட்ட வேண்டும். ஐந்தாறு பெரிய சேனல்களோடு நிறுத்திக்கொண்டால் விளம்பரம் தத்தித் தத்தித்தான் ஓடும், ஏனென்றால் எல்லா வீடியோவிலும் விளம்பர இடம் கிடைப்பதில்லை. முப்பது நாற்பது சேனல்கள் இருந்தால் நல்லது. பெரிய சேனல் என்பதற்காக மட்டும் சமையல், நகைச்சுவைச் சேனல்களைச் சேர்க்க வேண்டாம். குறிச்சொற்களையும் இதோடு சேர்க்கலாம். ஆனால் இங்கே குறிச்சொல் என்பது ஒருவர் தேடும் சொல் அல்ல, வீடியோவின் உள்ளடக்கம் எதைப் பற்றியது என்பதோடு பொருத்திப் பார்க்கும் சொல். 'தக்காளி' என்று மட்டும் போட்டால் தக்காளிச் சட்னி வீடியோக்களில் போய் நிற்கும்.

இரண்டாவது கேம்பெய்ன், ஆளை வைத்து. கூகுள் தானே வகுத்து வைத்திருக்கும் ஆர்வப் பட்டியல்களில் தோட்டம் சார்ந்தவை உண்டு. ஆனால் அவை மிக அகலம். புல்வெளி வளர்ப்பவரும் தொட்டியில் மணிபிளாண்ட் வைத்தவரும் அதில் சேர்ந்துவிடுவார்கள். இந்த அளவு பட்ஜெட்டுக்கு அதைவிடப் பயன்படுவது Custom segments. அதில் People who searched for any of these terms on Google என்ற தேர்வை எடுத்து, ஆட்கள் தேடும் சொற்களை நாமே எழுதிக் கொடுக்கலாம். இங்கே அகராதித் தமிழ் உதவாது. தமிழர்கள் போனில் எப்படித் தட்டச்சு செய்கிறார்களோ அப்படியே எழுத வேண்டும்:

```
மாடித்தோட்டம்
maadi thottam
madi thottam tamil
terrace garden in tamil
grow bag price
thakkali chedi valarpu
```

ஒரே சொல்லுக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்கள் இருக்கும். யூடியூப் தேடல் பெட்டியில் பாதி தட்டச்சு செய்து, கீழே விரியும் பரிந்துரைகளைப் பார்த்து எழுதிக்கொள்வதுதான் எளிய வழி. இருபது சொற்கள் இருந்தால் நல்ல அளவு. 'grow bag price' போன்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. விலை தேடுகிறவர் வேலையைத் தொடங்கப்போகிறவர்.

இரண்டு கேம்பெய்னுக்கும் பொதுவான சில தேர்வுகளில்தான் பணம் சத்தமில்லாமல் ஒழுகும். ஊர் என்ற இடத்தில் தமிழ்நாடு, புதுச்சேரி என்று கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அதற்குக் கீழே மடங்கியிருக்கும் Location options பகுதியைத் திறந்தால், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களும் என்ற தேர்வே முன்கூட்டி வைக்கப்பட்டிருக்கும். அதை, அந்த ஊரில் இருப்பவர்கள் மட்டும் என்று பொருள்படும் Presence என்று மாற்ற வேண்டும். வெளிநாட்டுத் தமிழர்களும் வேண்டுமென்றால் சிங்கப்பூர், மலேசியா என்று பெயர் சொல்லித் தனிக் கேம்பெய்னாகப் போடுவது மேல், ஏனென்றால் அங்கே ஏல விலை வேறு. ஒரே பையில் கலந்தால் எந்த ஊருக்கு என்ன விலை கொடுத்தோம் என்று பிடிபடாது.

மொழியில் எதிர்த்திசைத் தவறு நடக்கும். தமிழ் வீடியோ என்பதால் Tamil மட்டும் டிக் அடிப்பார்கள். போன் செட்டிங்கை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுதும் தமிழ் வீடியோ பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! கூகுள் ஒருவரின் மொழியைப் பல அறிகுறிகளை வைத்துக் கணிக்கிறது, அதில் செட்டிங்கும் ஒன்று. Tamil, English இரண்டையும் எடுத்துவிடுங்கள். தமிழ் தெரியாதவர் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத் தமிழ்ச் சேனல் பட்டியலும் தமிழ்த் தேடல் சொற்களும் இருக்கின்றன. மிஞ்சுபவர் முதல் வாக்கியத்திலேயே தாண்டிவிடுவார், அதற்குக் காசு இல்லை.

வயதில் 18 முதல் 24 வரையைத் தவிர்ப்பதா என்பது அவரவர் பொருளைப் பொறுத்தது. ஆனால் பட்டியலின் கடைசியில் இருக்கும் Unknown என்பதை எடுத்துவிட வேண்டாம். வயது தெரியாதவர்கள் என்றால் ஆகாதவர்கள் என்று பொருளல்ல. கணக்கில் உள்நுழையாமல் பார்ப்பவர்களும், கூகுள் கணிக்க முடியாதவர்களும் அதில் இருக்கிறார்கள், அது சிறிய கூட்டமும் அல்ல.

Networks என்ற இடத்தில் Video partners டிக்கை எடுத்துவிடலாம். அது யூடியூபுக்கு வெளியே உள்ள செயலிகளிலும் தளங்களிலும் விளம்பரத்தைக் காட்டும். பார்வை எண்ணிக்கை ஏறும், சேனலுக்குள் யாரும் வரமாட்டார்கள். சாதனங்களில் டி.வி. திரையையும் முதல் சுற்றில் விலக்கி வைப்பது என் பரிந்துரை. டி.வி.யில் பாட்டோ சீரியலோ ஓடிக்கொண்டிருக்க, ரிமோட்டை எடுக்கச் சோம்பல்பட்டு விளம்பரம் முழுவதும் ஓடவிடுவார்கள். கணக்குப்படி அது முழுப் பார்வை. சப்ஸ்கிரைப் செய்ய அங்கே கை நீளாது.

சேனலைக் கூகுள் ஆட்ஸ் கணக்கோடு இணைப்பது பலர் விட்டுவிடும் படி. ஆட்ஸ் கணக்கின் பத்து இலக்க எண்ணை யூடியூப் ஸ்டுடியோவின் Settings, Channel, Advanced settings வழியாகச் சேர்க்கலாம். இணைக்காவிட்டாலும் விளம்பரம் ஓடும். ஆனால் விளம்பரத்தைப் பார்த்தவர் பிறகு சப்ஸ்கிரைப் செய்தாரா, வேறு வீடியோ பார்த்தாரா என்ற விவரம் கிடைக்காது. அந்த விவரத்துக்கு Earned actions என்று பெயர். நம் தேவைக்கு அதுதான் உயிர். இணைத்துவிட்டால், ஏற்கெனவே சப்ஸ்கிரைப் செய்தவர்களைப் பட்டியலாக்கி விளம்பரத்திலிருந்து விலக்கவும் முடியும். இலவசமாகவே பார்க்க வரும் ஆளுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

எல்லாம் முடித்து வெளியிட்டதும் விளம்பரம் பரிசீலனைக்குப் போகும். பெரும்பாலும் ஒரு வேலைநாளில் முடிந்துவிடும். வீடியோ Public அல்லது Unlisted நிலையில் இருக்க வேண்டும், Private வீடியோவை விளம்பரமாக ஓட்ட முடியாது. அனுமதி வந்து இரண்டு நாள் ஆகியும் ஓடவில்லை என்றால் முதலில் Target CPV தொகையை மெல்ல உயர்த்திப் பாருங்கள், அடுத்து நிபந்தனைகளில் ஒன்றைத் தளர்த்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது.

மூன்றாம் நாளிலிருந்து கட்டாயம் பார்க்க வேண்டிய அறிக்கை Where ads showed. விளம்பரம் எந்தெந்தச் சேனலில் வந்தது என்று அதில் பெயர் பெயராக இருக்கும். ஆளை வைத்துப் போட்ட கேம்பெய்னில் இந்தப் பட்டியல் வியப்பைத் தரும். மாடித்தோட்டம் தேடியவர் காலையில் பக்திப் பாடலும் மாலையில் சீரியலும் பார்ப்பவர். விளம்பரம் அங்கேயும் போய்த்தான் நிற்கும். அது தவறில்லை, ஆள் அவர்தான். தவறு எங்கே என்றால், குழந்தைகள் கதை, தூங்க வைக்கும் இசை, மணிக்கணக்கில் ஓடும் பாட்டுத் தொகுப்பு போன்ற சேனல்களில் பார்வைகள் குவிந்து, பார்த்து முடித்தவர் விகிதம் மிக உயர்ந்து, ஒரு கிளிக்கோ ஒரு சப்ஸ்கிரைபரோ இல்லாமல் இருப்பது. போன் குழந்தை கையில் இருக்கிறது அல்லது திரையைப் பார்க்க ஆளே இல்லை. அந்தச் சேனல்களை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். இந்த ஒரு வேலையைப் பத்து நாளில் மூன்று முறை செய்தாலே பட்ஜெட்டின் பலன் மாறும்.

பத்து நாள் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இப்படி வந்ததாகக் கொள்வோம்: சேனல்களை வைத்துப் போட்டதில் 1,250 ரூபாய்க்கு 2,500 பார்வை, 18 சப்ஸ்கிரைபர். தேடல் சொற்களை வைத்துப் போட்டதில் அதே 1,250 ரூபாய்க்கு 1,250 பார்வை, 30 சப்ஸ்கிரைபர். பார்வைக்கு 50 காசு, 1 ரூபாய் என்று மட்டும் பார்த்தால் முதலாவது பாதி விலை. சப்ஸ்கிரைபர் கணக்கில் முதலாவது 69 ரூபாய், இரண்டாவது 42 ரூபாய். வேண்டியது திரும்ப வரும் ஆள் என்பதால் மலிவானது இரண்டாவதுதான். ஒரு பார்வைக்கு ஆகும் செலவைக் குறைப்பதையே குறியாக வைத்துச் செட்டிங்கை மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் பாட்டுத் தொகுப்புச் சேனல்களில் போய் நிற்போம். பார்வை அங்கேதான் மலிவு.

ஆனால் 18க்கும் 30க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஒரேயடியாகத் தீர்ப்பு எழுதவும் கூடாது. எண்கள் சிறியவை, இன்னும் ஒரு வாரம் ஓட்டினால் இடைவெளி குறையலாம். வேறுபாடு இரண்டாவது சுற்றிலும் அதே பக்கம் நின்றால் நம்பலாம்.

ஸ்டுடியோவின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்ததும் சராசரிப் பார்வை நேரம் சரிந்திருப்பதைக் கண்டு பலர் பதறுவார்கள். விளம்பரத்தில் வந்தவர்களும் அந்தச் சராசரியில் கலந்திருக்கிறார்கள். 35 நொடி பார்த்துவிட்டுப் போனவரும் அதில் ஒருவர். Traffic source பகுதியில் YouTube advertising என்பதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பார்த்தால் வீடியோவின் உண்மை நிலை தெரியும். இன்னொன்றையும் முன்பே அறிந்திருக்க வேண்டும். சேனலில் வருமானம் பெற 1,000 சப்ஸ்கிரைபரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் என்ற விதி இருக்கிறதே, அந்த 4,000 மணி நேரத்தில் விளம்பரம் வழியாக வந்த பார்வை நேரம் சேராது. அந்த எண்ணத்தில் மட்டும் விளம்பரம் போடுகிறவர் பணத்தை இழக்கிறார். ஆயிரம் பார்வை இவ்வளவு என்று கட்டணம் சொல்லி வெளியில் விற்பவர்களிடம் போவது அதைவிட மோசம். அது போலிப் பார்வை என்ற விதியில் சிக்கி, வீடியோவோ சேனலோ நீக்கப்படும் வரை போகும்.

விளம்பரம் தொடங்கும் முன்பே செய்து வைக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: ஆட்ஸ் கணக்கின் Audience manager பகுதியில், இந்தச் சேனலின் வீடியோவைப் பார்த்தவர்கள் என்று ஒரு பட்டியலை உருவாக்கி, அதிலிருந்து ஒருவர் நீங்கும் காலத்தை 540 நாள் வரை நீட்டி வைக்கலாம். 3,000 ரூபாயில் வந்தவர்கள் அதில் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். கத்தரிச் செடி பற்றிய அடுத்த வீடியோ வரும்போது, முகம் தெரியாத ஆட்களைத் தேடுவதற்கு முன், சப்ஸ்கிரைப் செய்யாமல் போன அந்தப் பட்டியலுக்கு 300 ரூபாய் ஒதுக்கி முதலில் காட்டலாம். கூட்டம் சிறியது என்பதால் ஒருவருக்கே பத்து முறை வந்து எரிச்சலூட்டும் வாய்ப்பு உண்டு. Frequency capping பகுதியில் ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு முறை என்று வரம்பு வைத்துவிடுங்கள்.